40 நாள் பயணத்துக்குக் காய்கறி: பச்சையா, உறையவைத்ததா?

கப்பலில் 22 பேர், 40 நாள், இடையில் துறைமுகம் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் என்று வைத்தாலும், உருளைக்கிழங்கு, வெங்காயம் போக, 308 கிலோ காய்கறி வேண்டும். அதை முழுக்கப் பச்சையாக ஏற்றலாம், முழுக்க உறையவைத்ததாகவும் ஏற்றலாம். இரண்டிலும் சிக்கல் உண்டு.

பச்சைக்காயின் சிக்கல் வெஜ் ரூம்தான். ஒரே அறை, சுமார் 4 டிகிரி. கேரட், முட்டைக்கோசுக்கு அது போதும். வெள்ளரிக்கோ அது கடுங்குளிர்: சில நாளில் தோலில் குழி விழுந்து, வெளியே எடுத்ததும் கொழகொழத்துவிடும். தக்காளி சுவையிழக்கும். உருளைக்கிழங்கை நெடுநாள் அங்கே வைத்தால் மாவு சர்க்கரையாக மாறும். வறுத்தால் வேகும் முன்பே கருகும். ஆப்பிளைக் கீரைக்குப் பக்கத்தில் அடுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவில் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். தோல், தண்டு, அழுகல் எல்லாம் சேர்த்தால் கால்பங்கு கூடுதலாக வாங்கியாக வேண்டும்.

உறையவைத்த பட்டாணி, பீன்ஸ், கீரையில் கழிவே இல்லை. மைனஸ் 18-ல் மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் எல்லாமே குளிர்ப்பெட்டி இயந்திரத்தை நம்பித்தான். கம்ப்ரஸர் இரவில் நின்று காலையில் ஓடியிருந்தால் வெப்பமானி நல்ல பிள்ளையாக மைனஸ் 18 காட்டும். பட்டாணிப் பையைக் கையிலெடுத்துக் குலுக்கிப் பாருங்கள். உதிரி உதிரியாக ஓடினால் சரி. ஒரே கட்டியாக இருந்தால், நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்போது அதே அறையிலுள்ள இறைச்சியையும் மீனையும்தான் முதலில் சோதிக்க வேண்டும். அட்டைப்பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி, விசிறியை மறைத்து அடுக்கினால், இயந்திரம் நன்றாக ஓடினாலும் காற்று சுற்றாமல் மூலைகளில் குளிர் குறையும்.

சமையலிலும் வேறுபாடு உண்டு. உறையவைத்ததை உருகவிடாமல் நேரே கொதிநீரில் போட வேண்டும், உருகவிட்டால் சோர்ந்துபோகும். பச்சடி, சாலட் அதில் செய்ய முடியாது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மெஸ்ஸில் முதலில் எழும் முணுமுணுப்பு அதைப் பற்றித்தான்.

என் கணக்கு பாதிக்குப் பாதி. முதல் 10 நாள் கீரை, தக்காளி, வெள்ளரி: 77 கிலோ. அடுத்த 20 நாள் கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி 77, உறைந்தது 77. கடைசி 10 நாள் உறைந்தது 77. அதாவது இரண்டும் தலா 154 கிலோ. பச்சைக்காயை மட்டும் கால்பங்கு கூட்டி 193-ஆக எழுதலாம்.

ஒரு திருத்தம்: கோஸை 30-ஆம் நாளுக்குள் தீர்த்துவிட வேண்டாம். காயமில்லாத 10 கோஸை வெளியிலைகளை உரிக்காமல் கடைசி வாரத்துக்கு ஒதுக்குங்கள். மேலே இரண்டு இலை கறுத்தாலும் உள்ளே நறுக்கென்று இருக்கும், பச்சையாகவே சீவிப் பரிமாறலாம்.