முழு நகர்வும் ஒப்பீட்டு நகர்வும்: எதை எதனோடு சேர்த்துக் குழப்புகிறோம்

சமூக அடுக்கமைவுப் பாடத்தைக் குறிப்பாகச் சுருக்கும்போது மூடிய அடுக்கு, திறந்த அடுக்கு என்ற பிரிவு சீக்கிரம் பிடிபடும். அதற்கு இரண்டு வரி போதும். மதிப்பெண் போவது நகர்வில்தான், அதாவது ஒரு வர்க்கத்தில் பிறந்தவர் இன்னொரு வர்க்கத்துக்குப் போவதில்தான்.

முழு நகர்வு கேட்பது, பெற்றோரின் வர்க்கத்திலிருந்து எத்தனை பேர் வேறு வர்க்கத்துக்குப் போனார்கள் என்பதை. ஒப்பீட்டு நகர்வு கேட்பது, இரு வேறு வர்க்க வீட்டுப் பிள்ளைகளின் வாய்ப்புக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் தலைமுறையில் தொழிலாளர் பிள்ளைகள் 100 பேரில் 20 பேர் அதிகாரிகள் ஆகிறார்கள், அதிகாரிகளின் பிள்ளைகள் 100 பேரில் 60 பேர். அடுத்த தலைமுறையில் இவை 40, 80. தொழிலாளர் வீட்டிலிருந்து மேலே வந்தவர்கள் இரட்டிப்பு, அதாவது முழு நகர்வில் மேல்நோக்கிய பகுதி உயர்ந்திருக்கிறது.

சரி, ஒப்பீட்டு நகர்வு? இரு பக்கமும் அதிகாரி ஆனவர்களை ஆகாதவர்களால் வகுத்து, அந்த இரு விகிதங்களை ஒப்பிடுவோம். முன்பு 60/40-ஐ 20/80-ஆல் வகுத்தால் 6. இப்போது 80/20-ஐ 40/60-ஆல் வகுத்தாலும் அதே 6. இடைவெளி அசையவே இல்லை. அதிகாரி வேலைகள் பெருகியதால் இரு பக்கமும் ஏறியிருக்கிறது.

இங்கிலாந்து, வேல்ஸில் ஆண்களிடம் 1972-இல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து சமூகவியலாளர் கோல்ட்தார்ப் காட்டியதும் பெரும்பாலும் இதே வடிவம்தான்.

அதனால் "மேல்நோக்கிய நகர்வு கூடியது, ஆகவே சமூகம் திறந்துவிட்டது" என்று குறிப்பில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். இரு வீட்டுச் சதவீதமும் சேர்ந்தே ஏறியிருந்தால், முதலில் வேலை அமைப்பின் மாற்றத்தைச் சந்தேகியுங்கள். அப்புறம் வகுத்துப் பாருங்கள்.