ஒவ்வொரு ட்ரேடுக்கும் 1% ரிஸ்க்கா, தீமுக்கே மொத்தமா 2% லிமிட்டா?

திருப்பூர்ல நம்ம கூட்டாளி ஒருத்தர் 5 லட்சத்துல ட்ரேட் பண்றாருங்க, பேங்க் நிஃப்டி பிரேக்அவுட் ஆன அன்னிக்கு நாலு பேங்க் ஷேர் வாங்குனாரு. கணக்குக்கு எல்லாமே 400 ரூவான்னு வச்சுக்கோங்க, ஸ்டாப்லாஸ் 380.

அவரு முறை, ட்ரேடுக்கு 1%. அதாவது 5,000 ரூவா, 20 ரூவா ஸ்டாப்புக்கு 250 ஷேர். தனித்தனியா பாத்தா ஒழுக்கந்தான், ஆனா நாலும் ஒரே பேங்க் தீம், ஒண்ணாவே ஏறி எறங்கற ஒரே சார்ட்டு மாதிரிங்க, இண்டெக்ஸ் திரும்புனா நாலு ஸ்டாப்பும் ஒண்ணா அடிபட்டு 20,000 போயிரும். காலைல ஸ்டாப்புக்கும் கீழ 370லயே கேப்டவுன்ல ஓப்பன் ஆனா ஷேருக்கு 30 ரூவா, மொத்தம் 30,000, அது 6%.

என்ற முறை, பேங்க் தீமுக்கே சேத்து 2%, 10,000 தான். நாலா பிரிச்சா தலைக்கு 125 ஷேர், அதே கேப்டவுன்ல 15,000 போகும், லிமிட்டைத் தாண்டுதுதான் ஆனா பாதிதானுங்களே.

இதுல குறை, தீம் நெசமாவே ஓடுனா லாபமும் பாதி. அதனால நானு நாலையும் வாங்கறதில்லீங்க, இண்டெக்ஸை விட நல்லா ஏறுற ரெண்டை மட்டும் 250, 250ன்னு எடுப்பேன். ஒண்ணு ஏறி ஸ்டாப்பை 400க்கு நகத்துனப்புறம் அந்த 5,000 இடம் காலியாகும், அப்பத்தான் மூணாவது. அப்பவும் கேப் ரிஸ்க் இருக்குதுங்க, அதனால ரிசல்ட் வர்ற நாளுக்கு மொதநாள் புதுசா சேக்கமாட்டேன்.