ஒளித்தொகுப்பும் சுவாசமும்: அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் போதுமா?

உயர்தர உயிரியல் விடைத்தாள்களில் ஒளித்தொகுப்பையும் சுவாசத்தையும் ஒப்பிடச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் நடுவில் ஒரு கோட்டை இழுத்து, இடப்பக்கத்தில் ஒரு சமன்பாட்டையும் வலப்பக்கத்தில் அதையே தலைகீழாகவும் எழுதிவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் ஒரு மாணவி, "சேர், ரெண்டும் ஒண்டுதானே, அம்புக்குறியத் திருப்பிப் போட்டாக் காணும்" என்றாள். அவள் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி சரி என்பதை அறிய, அவள் எழுதிய சுருக்கச் சமன்பாடுகளிலிருந்தே தொடங்கலாம்.

```
6CO₂ + 6H₂O → C₆H₁₂O₆ + 6O₂
C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O
```

அணுக்கள் இருபக்கமும் சமன்படுகின்றன என்பதால் இவற்றைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் முதற் சமன்பாட்டில் வெளிவரும் ஒட்சிசனைக் கவனியுங்கள். 6O₂ என்பது 12 ஒட்சிசன் அணுக்கள். இடப்பக்கத்து நீரில் இருப்பவையோ ஆறு மட்டுமே. அப்படியானால் மீதி ஆறு காபனீரொட்சைட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சமன்பாடு சொல்லாமற் சொல்கிறது. அது உண்மையல்ல. வெளிவரும் ஒட்சிசன் முழுவதும் நீரிலிருந்தே வருகிறது. ஐதரசன் சல்பைட்டைப் பயன்படுத்தும் கந்தகப் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வெளிவிடுவதைக் கண்ட வான் நீல், பச்சைத் தாவரங்களில் பிளவுபடுவது நீராகவே இருக்க வேண்டும் என்று 1930களில் ஊகித்தார். 1941இல் ரூபன், கேமன் முதலியோர் கனமான ஒட்சிசன் சமதானியான ¹⁸O கொண்ட நீரைக் குளோரெல்லா என்னும் பாசிக்குக் கொடுத்தபோது, வெளிவந்த ஒட்சிசன் வாயுவில் அந்தச் சமதானியின் அளவு நீரில் இருந்த அளவையே ஒத்திருந்தது. எனவே 12 ஒட்சிசன் அணுக்களைத் தர 12 நீர் மூலக்கூறுகள் வேண்டும். சமன்பாட்டை நீட்டி எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

```
6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O
C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O → 6CO₂ + 12H₂O
```

இரு பக்கத்திலும் நீர் இருப்பதைப் பார்த்ததும் அதை வெட்டிவிடக் கை பரபரக்கும். கணிதத்தில் அது சரி. ஆனால் இங்கே உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் வெவ்வேறு மூலக்கூறுகள். உள்ளே போகும் 12 நீர் மூலக்கூறுகள் ஒட்சிசனைத் தருகின்றன. வெளியே வரும் ஆறிலுள்ள ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வந்தது.

சுவாசத்துக்கும் இதே கணக்கைப் போட்டால்தான் பெரிய தவறு ஒன்று வெளிப்படும். நாம் உள்ளெடுக்கும் ஒட்சிசன் குளுக்கோசின் காபனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு ஆகிறது என்று விறகு எரிவதைப் போல எழுதுவோர் ஏராளம். கலத்தில் அப்படி நடப்பதில்லை. ஒட்சிசன் வாயுவின் 12 அணுக்களும் இலத்திரன்களையும் புரோத்தன்களையும் ஏற்று 12 நீர் மூலக்கூறுகளாகின்றன. காபனீரொட்சைட்டிலுள்ள 12 ஒட்சிசன் அணுக்களில் ஆறு குளுக்கோசிலேயே இருந்தவை; மற்ற ஆறும் இடைவழித் தாக்கங்களில் நுழையும் நீரின் வழியாக வருபவை. காபனீரொட்சைட்டு வெளியேறும் படிகள் எவற்றிலும் ஒட்சிசன் வாயு நேரடியாகத் தொடுவதே இல்லை. குறுகிய சமன்பாட்டை மட்டும் மனனம் செய்தவரால் இதை ஊகிக்க முடியாது என்பதால், இரண்டில் எதை எழுதுவது என்று கேட்டால் நான் நீண்டதையே சொல்வேன்.

அந்த மாணவியின் கூற்றில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது. இலத்திரன்களை எண்ணிப் பாருங்கள். ஒளித்தொகுப்பில் 12 நீர் மூலக்கூறுகள் பிளந்து 24 இலத்திரன்களைத் தருகின்றன. அவை 12 NADPH ஆகச் சென்று ஆறு காபனீரொட்சைட்டைத் தாழ்த்துகின்றன. சுவாசத்தில் ஒரு குளுக்கோசிலிருந்து 10 NADH உம் 2 FADH₂ உம் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோடி இலத்திரன்களைச் சுமப்பதால் அங்கும் 24. அவை 6O₂ ஐத் தாழ்த்தி நீராக்குகின்றன. இலத்திரன் கணக்கில் இரண்டும் கண்ணாடியும் பிம்பமும் போலவே நிற்கின்றன: ஒன்றில் நீர் தொடக்கம், மற்றதில் நீர் முடிவு.

ATP கணக்கில்தான் இந்த ஒற்றுமை உடைகிறது. ஆறு காபனீரொட்சைட்டை வெல்லமாக்கக் கல்வின் வட்டம் 18 ATP ஐச் செலவிடுகிறது. ஒரு குளுக்கோசு முழுதாகச் சுவாசிக்கப்படும்போது கிடைப்பது 30 அல்லது 32 ATP; பழைய நூல்களில் 38 என்று இருக்கும். 18 ஐயும் 32 ஐயும் அருகருகே எழுதிவிட்டு, தாவரத்துக்கு 14 ATP இலாபம் என்று முடிவுகட்டிய விடையொன்றை நான் கண்டிருக்கிறேன். செலவுப் பக்கத்தில் 12 NADPH ஐ அவர் மறந்துவிட்டார். அவற்றை நிரப்ப ஒளி செலுத்திய சக்தியையும் மறந்துவிட்டார். நீரிலிருந்து NADP⁺ வரை இலத்திரன் தானாக ஏறாது. இரண்டு ஒளித்தொகுதிகள் அதை இருமுறை மேலே தள்ளுகின்றன. NADH இலிருந்து ஒட்சிசன் வரையோ அது இறங்கு பாதை. பச்சையவுருமணியில் உண்டாகும் ATP பெரும்பாலும் அங்கேயே வெல்லத் தொகுப்பில் முடிந்துவிடுகிறது என்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். பகலில், ஒளியின் கீழேயும், இலைக்கலத்தின் ஏனைய வேலைகளுக்கு இழைமணி ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பெயரிட்ட படங்களில் புள்ளி பறிபோகும் இடம் எப்போதும் ஒன்றே: புரோத்தன் எந்தப் பக்கம் போகிறது? பச்சையவுருமணியில் உள்ளே, இழைமணியில் வெளியே என்று மாணவர்கள் மனனம் செய்து, பதற்றத்தில் இரண்டையும் மாற்றிக் குறித்துவிடுகிறார்கள். இரண்டு உறுப்புகளையும் வட்டமாகத் தனித்தனியே வரைவதற்குப் பதிலாக, மென்சவ்வு ஒன்றை நடுவில் நிறுத்தி ஒரே சட்டத்தில் வரையச் சொல்கிறேன்.

```
பச்சையவுருமணி
பஞ்சணை | தைலக்கொயிட்டு மென்சவ்வு | தைலக்கொயிட்டு உள்ளிடம்
   H⁺   ==== இலத்திரன் சங்கிலி ====>   H⁺ H⁺ H⁺
   ATP  <=== ATP தொகுப்பி =========   H⁺

இழைமணி
தாயம்  |  உள்மென்சவ்வு  |  மென்சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி
   H⁺   ==== இலத்திரன் சங்கிலி ====>   H⁺ H⁺ H⁺
   ATP  <=== ATP தொகுப்பி =========   H⁺
```

இப்படி வரைந்தால் உள்ளே, வெளியே என்ற குழப்பம் மறைந்து, ஒரே விதி எஞ்சுகிறது. வெல்லத்தை ஆக்கும் கல்வின் வட்டம் பஞ்சணையில். காபனைக் கழற்றும் கிரெப்ஸ் வட்டம் தாயத்தில். இரண்டும் இடப்பக்கத்தில் இருக்கின்றன. புரோத்தன்கள் அந்த இடத்திலிருந்து மென்சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. திரும்பி வரும்போது ATP தொகுப்பியின் குமிழ் போன்ற தலை இருக்கும் இடப்பக்கத்திலேயே ATP உண்டாகிறது. ஆகவே பஞ்சணைக்கு இணை தாயம். தைலக்கொயிட்டின் உள்ளிடத்துக்கு இணை மென்சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி. படத்தில் தலையை வலப்பக்கம் வரைந்தவர் ATP ஐயும் அங்கேயே குறிப்பார். அந்த ஒரு பிழையைக் கண்டாலே, அம்புகள் மனனத்திலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

புரோத்தன் சாய்வு மட்டுமே போதும் என்பதை யாகன்டோர்வ் 1966இல் காட்டினார். பிரித்தெடுத்த தைலக்கொயிட்டுகளை pH 4 கரைசலில் ஊறவைத்து, பின் இருட்டிலேயே pH 8 கரைசலுக்கு மாற்றினார். உள்ளிடம் அமிலமாகவும் வெளிப்புறம் காரமாகவும் இருந்த அந்தச் சிறுபொழுதில், ஒளியே இல்லாமல் ATP உண்டாயிற்று. ஒளி செய்வது புரோத்தனைத் தள்ளுவதற்கான வேலையைத்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இனி, இரண்டும் ஒரே இலையில் ஒரே நேரத்தில் நடக்கும்போது என்ன அளக்கிறோம் என்ற கேள்வி. "பகலில் ஒளித்தொகுப்பு, இரவில் சுவாசம்" என்ற வாக்கியத்தைத் தகர்க்க, ஐதரில்லாத் துண்டும் இருகாபனேற்றுக் காட்டியும் போதும். வளியோடு சமநிலையில் உள்ள காட்டி சிவப்பாக இருக்கும். காபனீரொட்சைட்டு குறைந்தால் ஊதாவாகவும் கூடினால் மஞ்சளாகவும் மாறும். ஐதரில்லா இட்ட மூன்று குழாய்களில் ஒன்றை வெளிச்சத்தில் திறந்தும், ஒன்றை அலுமினியத் தாளால் மூடியும், ஒன்றை மெல்லிய துணி சுற்றியும் வைக்கிறோம். நான்காவது குழாயில் தாவரம் இல்லை. சில மணிநேரத்தில் முதலாவது ஊதா, இரண்டாவது மஞ்சள். துணியின் அடர்த்தி பொருத்தமாக அமைந்தால் மூன்றாவது சிவப்பாகவே நிற்கும். அடர்த்தி சரியாக வராத நாட்களும் உண்டு; அப்போது துணியை ஒரு சுற்று கூட்டியோ குறைத்தோ மீண்டும் வைக்க வேண்டும்.

மூன்றாவது குழாயும் நான்காவதும் ஒரே நிறம். நான்காவதில் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவதில் ஒளித்தொகுப்பு உள்ளெடுக்கும் அளவும் சுவாசம் வெளிவிடும் அளவும் சமமாக இருப்பதால் நிறம் அசையவில்லை. இதுதான் ஒளியீட்டுப் புள்ளி. நிற மாற்றம் இல்லாததால் எந்தச் செயன்முறையும் நடைபெறவில்லை என்று எழுதுபவர் இரு குழாய்களையும் ஒன்றாக்கிவிடுகிறார். வேறுபாட்டை நிரூபிக்க, மூன்றாவதைத் தாளால் மூடினால் போதும்: அது மஞ்சளாகும், நான்காவது மாறாது.

எண்களில் சொல்வதானால், ஓர் இலை இருட்டில் மணிக்கு 2 அலகு காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது என்றும், நல்ல வெளிச்சத்தில் மணிக்கு 10 அலகு உள்ளெடுப்பதாக அளவீடு காட்டுகிறது என்றும் கொள்வோம். அந்த 10 தேறிய அளவு. சுவாசம் தந்த 2 ஐயும் இலை உள்ளேயே பயன்படுத்தியிருப்பதால் மொத்த ஒளித்தொகுப்பு 12. கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணிநேரம் என்பதால் கணக்கு எளிது. நல்ல வெளிச்சம் பகல் முழுவதும் நீடித்தால் மொத்தம் 144, சுவாசம் 24 மணிநேரத்துக்கும் 48, மிச்சம் 96. சுவாசத்தை இரவுக்கு மட்டும் கணக்கிடுபவர் 144 இலிருந்து 24 ஐக் கழித்து 120 என்று எழுதுவார். ஒளியில் சுவாசத்தின் வேகம் இருட்டிலிருந்து சற்று மாறலாம், ஒளிச்சுவாசமும் குறுக்கிடலாம் என்பதால் 12 என்பது மதிப்பீடே. வினாத்தாளில் "சுவாசவீதம் மாறாதெனக் கொள்க" என்ற வரி வருவது அதனால்தான்.