பதில் வராத செய்திக்கு மறுபடி எழுதும்போது: மன்னிப்புக் கேட்பதா, தேதியைச் சொல்வதா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தால் நாளில் பாதி, கேட்ட கேள்விக்குப் பதில் கேட்பதிலேயே போய்விடும். டையிங், கட்டிங், அக்கவுண்ட்ஸ், சாம்பிள் என்று எல்லாம் நம் கம்பெனி ஆட்கள்தான், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அவசரத்தில் அடிக்கும் வாட்ஸ்அப் செய்தியை அனுப்பும் முன் எப்படி மாற்றி எழுதலாம் என்பதில் இரண்டு வழிகளைப் பல மாதம் மாற்றி மாற்றிப் பார்த்து, இப்போது ஒன்றில் நின்றிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இது.

லேப் டிப் என்பது பையர் கேட்ட நிறத்தில் சாயம் போட்டுப் பார்க்கும் சிறு துணி மாதிரி. அதைக் கேட்டு டையிங் அண்ணனுக்கு முதலில் நான் அடித்து, அனுப்பாமல் விட்ட செய்தி இது: "அண்ணா திங்கக்கிழமையே கேட்டனே, நேவி லேப் டிப் இன்னும் வரலையே. பையர் என்னைத்தான கேக்கறாங்க."

இதில் திட்டு ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்குச் சுருக்கென்று தைக்கும். காரணம் அந்த ஏகாரங்கள்தான். கிழமையே, கேட்டனே, வரலையே என்று மூன்று இடத்தில் வருகிறது, நடுவில் ஒரு "இன்னும்" வேறு. "கேட்டேன்" என்பது தகவல், "கேட்டனே" என்பது குற்றச்சாட்டு. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. ஒரு "ங்க" சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். "இன்னும் வரலைங்களே" என்று எழுதினாலும் குற்றம் சாட்டுவது அப்படியேதான் இருக்கிறது, மரியாதையாகக் குற்றம் சாட்டுகிறோம், அவ்வளவுதான். "ஏனுங்க" என்று ஆரம்பிப்பதும் அப்படித்தான். நேரில் அது வெறும் கூப்பிடு சொல், திரையில் படிக்கும்போது சிலருக்கு "ஏன்?" என்று கேட்பதாகவே படுகிறது.

சரி, இதை மாற்ற முதல் வழி மன்னிப்பு வழி. "வணக்கம்ங்ண்ணா, வேலை ஜாஸ்தியா இருக்கும்னு தெரியும், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. நேரம் கிடைக்கறப்ப அந்த நேவி லேப் டிப் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

இது யாரையும் புண்படுத்தாது, எழுதவும் சுலபம். ஆனால் "நேரம் கிடைக்கறப்ப" என்று நாமே சொல்லிவிட்டோம், அவரும் நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது, நான் நிற்கும் வழி. யார் செய்யவில்லை என்பதை விட்டுவிட்டு, பொருள் எங்கே எப்போது போக வேண்டும் என்று எழுதுவது: "அண்ணா, நேவி லேப் டிப் வியாழக்கிழமை 4 மணி கூரியர்ல பையருக்குப் போகணும். அன்னிக்கு மதியத்துக்குள்ள வருங்களா, இல்ல வெள்ளிக்கிழமை ஆகுங்களா? வெள்ளின்னா நான் இன்னிக்கே பையர்கிட்ட நாள் கேட்டு வாங்கிக்கறேன். என் பக்கத்துல இருந்து ஏதாச்சும் வரவேண்டி இருந்தாலும் சொல்லுங்க."

இதில் "நீங்க" என்ற ஆளே கிடையாது. லேப் டிப் வருகிறது, கூரியர் போகிறது. வெள்ளிக்கிழமை ஆகும் என்று சொல்ல அவருக்கு ஒரு வழியும் இருக்கிறது. பலர் பதில் போடாமல் இருப்பதே, முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான். ஒற்றைச் சொல்லில் பதில் போட முடிகிற மாதிரி கேள்வி இருந்தால் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே போட்டுவிடுவார்.

ஒரு புதன்கிழமை காலை பெருந்துறையில் இருக்கும் எங்கள் டையிங் யூனிட் அண்ணனுக்கு இதைத்தான் அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "ஒரிஜினல் ஸ்வாட்ச் எனக்கு வரலை தம்பி. போட்டோவ வச்சு ஷேடு எடுக்க முடியாது." போய்ப் பார்த்தால், பையர் அனுப்பிய துணித்துண்டு சனிக்கிழமையில் இருந்து எங்கள் வரவேற்பு மேசைத் தபால் தட்டிலேயே கிடந்தது. அன்று பொழுதோட போகும் வண்டியில் கொடுத்துவிட்டு, பையரிடம் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். நேவியில் எடுத்த மூன்று ஷேடும் வெள்ளிக்கிழமை மதியம் கைக்கு வந்தது. "என் பக்கத்துல இருந்து" என்ற அந்தக் கடைசி வரியை மரியாதைக்காகத்தான் சேர்த்தேன், வேலையைச் செய்தது அதுதான். முதலில் அடித்த செய்தியை அனுப்பியிருந்தால், ஸ்வாட்ச் கிடைக்காமல் காத்திருந்த மனிதரைக் குற்றம் சொன்னதாக ஆகியிருக்கும்.

இருந்தாலும் நான் இந்த வழிக்கு வந்தது அந்த ஒரு தடவையால் இல்லை. எதை வைத்து முடிவெடுத்தேன் என்றால், இரண்டாவது, மூன்றாவது தடவை எழுத வேண்டி வரும்போது எந்த வழி தாங்குகிறது என்பதை வைத்துத்தான்.

மன்னிப்பு வழி ஒரு தடவைக்குத்தான் தாங்கும். இரண்டாவது முறை "மறுபடியும் தொந்தரவு பண்றேன்" என்றுதான் ஆரம்பிக்க முடியும், அந்த "மறுபடியும்" வந்ததுமே போன தடவை நீங்கள் பதில் போடவில்லை என்று சொன்னதாகிவிடும். மூன்றாவது முறை "மன்னிச்சுக்கங்க" என்பது குத்தலாகவே கேட்கும், நாம் அப்படி நினைக்காவிட்டாலும். "ஒருவேளை மெசேஜ் பார்க்கலைன்னு நினைக்கிறேன்" என்று எழுதுவது இன்னும் மோசம். இரண்டு நீல டிக் விழுந்ததை அவரும் அறிவார்.

தேதி வழியில் இந்தத் தேய்மானம் இல்லை, ஏனென்றால் நாள் நகர நகரச் சொல்ல வேண்டிய விஷயமே மாறுகிறது. முதல் தடவை வியாழன் கூரியர். அடுத்தது, "அண்ணா, இன்னிக்குக் கூரியருக்கு வராதுன்னு வச்சுக்கிட்டு சனிக்கிழமைக்கு மாத்திட்டேன், சரிங்களா?" அதற்கடுத்தது, "ஷேடு ஓகே ஆனாத்தான் நூல் சாயத்துக்குப் போகும், திங்கக்கிழமை மெஷின் நமக்கு இருக்குதுங்களா?" ஒவ்வொன்றும் புதுத் தகவல், பழைய செய்தியை ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை. பிறகொரு நாள் மேனேஜர் அந்தச் செய்திகளை வரிசையாகப் படித்தாலும் இரண்டு பேருக்கும் தலைகுனிவு இருக்காது.

ஆனால் தேதி உண்மையாக இருக்க வேண்டும். கூரியர் சனிக்கிழமைதான் என்று தெரிந்தும் வியாழன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்த அண்ணன் அதற்கப்புறம் நாம் சொல்லும் எல்லாத் தேதியிலும் இரண்டு நாள் கூட்டித்தான் படிப்பார். தேதியே இல்லாத வேலைக்கு இந்த வழி பொருந்தாது. பழைய பில் நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்வது மாதிரி விஷயத்துக்கு மன்னிப்பு வழியே போதும்.

மேனேஜரை குரூப்பில் சேர்த்து "???" போடுவதை நான் இங்கே ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நமக்கு மேலே இருப்பவருக்கு எழுதுவதில் எனக்கு அனுபவம் குறைவு. எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் தேதியைப் போட்டு நேராக எழுதியபோது உத்தரவு போட்ட மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். அதிலிருந்து பெரியவர்களுக்கு மட்டும் முதல் வரி மன்னிப்பு வழியில் இருந்து வருகிறது, இரண்டாவது வரியில் தேதி: "அக்கா, மாசக் கடைசில வேலை இருக்கும்னு தெரியும்ங்க. ஜாப் ஒர்க் பில் வெள்ளிக்கிழமை பாஸ் ஆனா சனிக்கிழமை துணியை எடுத்துரலாம், வெள்ளிக்குள்ள ஆகுங்களா, இல்ல திங்கக்கிழமைன்னு அவங்ககிட்டச் சொல்லிரட்டுங்களா?" இதற்கு "திங்கள்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. எனக்கு வேண்டியதும் அந்த ஒரு வார்த்தைதான்.