சாம்பார் பட்ட வெள்ளை வேட்டி: ப்ளீச்சா, எலுமிச்சையா, வெயிலா?

கல்யாணப் பந்தியில் வேட்டி மடியில் சாம்பார் கொட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோப்பு போட்டால், மஞ்சளாக இருந்த கறை ரத்தச் சிவப்பாகிவிடும். பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சாயம், சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும்.

கறையை எடுக்கும் என்று எலுமிச்சைக்கு வந்த பேர் இங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். சிவந்த இடத்தில் சாறு பிழிந்தால் நிறம் சட்டென்று மஞ்சளுக்குத் திரும்பிவிடும், பாதி போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் சாயம் துணியிலேயே இருக்கிறது. மறுபடி சோப்பு போட்டுப் பாருங்கள், மறுபடி சிவக்கும்.

ப்ளீச் அப்படி ஏமாற்றாது, சாயத்தையே உடைத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் விட்டு, கறைப் பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நனைத்தால் போதும். ஆனால் அடிக்கடி செய்தால் நூல் நலிந்து கிழியும். கரையின் சாயத்தில் பட்டால் வெளுத்துவிடும், ஜரிகை கறுத்துவிடும். எலுமிச்சை, வினிகர் எதையும் இதோடு கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். சொட்டு நீலமோ கறையை எடுப்பதே இல்லை, மங்கலாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

என் ஓட்டு வெயிலுக்குத்தான். குர்குமின் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணமே அது நீல, ஊதா ஒளியை விழுங்குவதுதான். விழுங்கிய அந்த ஒளியின் வேகத்திலேயே அதன் மூலக்கூறு துண்டாகிறது. துண்டுகளுக்கு நிறம் கிடையாது. பருத்தி நூலோ அந்த ஒளியை அவ்வளவாக விழுங்குவதில்லை, அதனால் ஓரிரு நாள் வெயிலில் நூலுக்குச் சொல்லும்படி ஒன்றும் ஆகாது. தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளுத்துப்போய் மறுபடி மஞ்சள் பூசுகிறோமே, அதில் ஒளிக்கும் பங்கு உண்டு.

வெயிலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாம்பாரில் எண்ணெய் உண்டு, குர்குமின் அதில்தான் நன்றாகக் கரையும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கறையில் தடவி, கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து, சோப்பு போக அலசிவிடுங்கள். பிறகு ஈரத்தோடு கறைப்பக்கம் மேலே இருக்கும்படி நேர்வெயிலில் போடுங்கள். நிழலில் உலர்த்தினால் இந்த வேகம் வராது. காய்ந்தால் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். லேசான கறை ஒரு பகலில் போய்விடும், அழுத்தமானது இரண்டு மூன்று நாள் கேட்கும். கலர் கரையை மட்டும் உள்ளே மடித்துவிடுங்கள், வெயில் அதையும் வெளுக்கும்.

அப்புறமும் மங்கலாக ஏதோ தெரிந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் சலவை சோப்பு தேயுங்கள். சிவந்தால் மஞ்சள் இன்னும் இருக்கிறது, இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள். சிவக்கவில்லையென்றால் பெரும்பாலும் எண்ணெய்க் கறைதான், அதற்கு மறுபடி அந்தப் பாத்திரத் திரவத்தைத்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நானும் ப்ளீச் பாட்டிலைத் திறப்பேன்.