அழைப்பில் எதிர்முனைக் குரல் மெதுவாகக் கேட்டபோது: இரண்டு வருட ஆன்லைன் வகுப்பு அனுபவம்

திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூமில் கணக்கு சொல்லித் தருகிறேன். விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று, காதை மூடும் புளூடூத் ஹெட்செட் ஒன்று. இரண்டு வருடமாக இதே ஜோடிதான். என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை. அவர்கள் குரல் எனக்குக் கேட்காமல் போனதுதான் ஓயாத தலைவலி. "மிஸ், மூணு தடவை சொல்லிட்டேன், 24 தான் விடை" என்று பிள்ளைகள் கத்தும் அளவுக்குப் போன நாட்கள் உண்டு.

முதல் தடவை நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். திரையில் 100 காட்டியது. குரல் ஏறவில்லை, ஏதோ பக்கத்து அறையில் பேசுவதுபோல இருந்தது. தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, ஹெட்செட்டக் கழத்திட்டுக் கேளு" என்றான். கழற்றியதும் குரல் கணீரென்று கேட்டது, லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து! அதுவரை நான் கேட்டது ஸ்பீக்கர் சத்தம் காது உறைகளைத் தாண்டி உள்ளே கசிந்ததைத்தான். ஹெட்செட்டில் ஒரு பொட்டுச் சத்தமும் வரவில்லை.

ஹெட்செட்டை ஆன் செய்யும் முன்பே வகுப்பைத் திறந்திருந்தேன். முன்பொருநாள் நானே ஜூமில் லேப்டாப் ஸ்பீக்கரைப் பெயர் சொல்லித் தேர்ந்திருந்தேன். அதனால் விண்டோஸ் ஹெட்செட்டுக்கு மாறிய பிறகும் ஜூம் மாறவில்லை. மைக் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் ஸ்பீக்கர் பட்டியல் வரும். அங்கே ஹெட்செட்டையோ Same as System என்பதையோ தேர்ந்துவிட்டால் போதும். ஆக, குரல் மெதுவாக இருந்தால் என் முதல் சோதனை இப்போது ஹெட்செட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான். கழற்றியதும் சத்தம் கூடினால் தப்பு வால்யூமில் இல்லை, சத்தம் வேறு வாசல் வழியாகப் போகிறது.

சில மாதம் கழித்து வேறு மாதிரி வந்தது. சத்தம் ஹெட்செட்டில்தான் வருகிறது, பாட்டு போட்டால் காது கிழிகிறது, ஆனால் வகுப்பில் மட்டும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஜூமின் Audio Settings-ல் Output Volume வலது கோடியில்தான் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. காரணம் Volume mixer.

கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் Open volume mixer என்று வரும். அங்கே ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கோடு. பிரௌசர் 100-ல் நின்றது, ஜூம் 15-ல் நின்றது. யோசித்துப் பார்த்தால் குற்றவாளி நான்தான். ஒரு ராத்திரி, கணக்கு ஆசிரியர்கள் கூடிய நீண்ட கூட்டம் ஒன்றை ஒரு காதில் போட்டுக்கொண்டு வினாத்தாள் தயாரித்தேன். அன்றைக்கு இழுத்துக் குறைத்ததை விண்டோஸ் அப்படியே நினைவில் வைத்திருந்தது. கூட்டம் முடிந்தாலும், லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும், அந்தச் செயலிக்கு அந்த அளவுதான்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, இந்த அளவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை. ஹெட்செட்டின் மொத்த வால்யூம் 100 என்றால், ஜூம் 15 என்பது அந்த நூறில் பதினைந்துதான். மொத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் 100-க்கு மேல் போகாது, அதனால் உள்ளே குறைந்துகிடப்பதை வெளியிலிருந்து ஈடுகட்ட முடியாது. தலைக்கு மேல் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாயின் வால்வைப் பாதி மூடியிருந்தால் என்ன வரும்?

இதில் நான் ஒரு வாரம் ஏமாந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பு முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து மிக்ஸரைத் திறப்பேன், ஜூம் பட்டியலிலேயே இருக்காது. ஒலியைத் திறந்து வைத்திருக்கும் செயலிகள்தான் அங்கே வரும். ஆகவே அழைப்பு நடக்கும்போதே பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்றால் ஜூமின் Audio Settings-ல் Test Speaker-ஐ அழுத்தி அது ஒலிக்கும்போது பார்க்கலாம். அதே மிக்ஸர் பக்கத்தில் செயலியின் பெயருக்குப் பக்கத்து அம்பை விரித்தால் அந்தச் செயலிக்கென்று தனி Output device வைக்கும் வசதியும் இருக்கிறது. எப்போதோ அங்கே கை வைத்து மறந்திருந்தால், மேலே சொன்ன முதல் கோளாறே வேறு உருவில் திரும்பி வரும். எதை மாற்றினோம் என்று நினைவில்லாதவர்களுக்குக் கீழே Reset பட்டன் உண்டு, எல்லாச் செயலிகளையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

மூன்றாவது கோளாறு புளூடூத்துக்கே உரியது, இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. ஹெட்செட்டின் மைக்கை எந்தச் செயலியாவது திறந்த நிமிடமே, ஹெட்செட் பாட்டு கேட்கும் முறையிலிருந்து தொலைபேசி முறைக்கு மாறிவிடுகிறது. குரல் பழைய லேண்ட்லைன் மாதிரி தட்டையாகிவிடும். என் ஹெட்செட்டில் இந்த இரண்டு முறைகளுக்கும் வால்யூம் வேறு வேறு. பாட்டின்போது 80 வைத்திருந்தாலும் அழைப்பில் 40-ல் தொடங்கும். எனவே அழைப்புக்கு முன் வால்யூமைச் சரிபார்த்துப் பயனில்லை, பேச்சு தொடங்கிய பிறகுதான் ஏற்ற வேண்டும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, மைக்கை மட்டும் லேப்டாப்புக்கு மாற்றிவிடுவது. ஸ்பீக்கர் ஹெட்செட், மைக் லேப்டாப். ஹெட்செட் பாட்டு முறையிலேயே நிற்கும், குரல் தெளிவாகவும் சத்தமாகவும் வரும். ஆனால் லேப்டாப் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடம் எடுக்க எனக்குத் தெம்பில்லை. வெயில் காலத்துக்கு மட்டும் வயர் ஹெட்செட்டை எடுத்துவிடுகிறேன். அதில் இந்த முறை மாறும் தொல்லையே கிடையாது.

குரல் மெதுவாகக் கேட்கிறது என்று கேட்டால் பலர் முதலில் சொல்லும் யோசனை விண்டோஸின் பழைய Sound பலகையான mmsys.cpl-ஐத் திறந்து Communications என்ற பிரிவில் Do nothing வை என்பது. நானும் வைத்தேன், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பிரிவின் வேலையே வேறு. அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை வழக்கமாக 80 சதவீதம் குறைப்பது அது. வகுப்பின் நடுவே பிரௌசரில் காணொளி போட்டால் சத்தம் அடங்கிப்போகிறதா, அதற்கு Do nothing மருந்து.

இவ்வளவும் எல்லோர் குரலும் மெதுவாகக் கேட்டால்தான். ஒரு பிள்ளையின் குரல் மட்டும் அடங்கியிருந்தால் மிக்ஸர் பக்கமே போவதில்லை. அவன் குரலுக்காக ஏற்றினால் மற்றப் பிள்ளைகள் என் காதில் வந்து கத்துவார்கள். என் வகுப்பில் அப்படி ஒருவன் இருக்கிறான். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதுவான். "தம்பி, போனை நிமிர்த்தி வை" என்றால் சரியாகிவிடும், அடுத்த கணக்கு வரைக்கும்.