டயர் போட்டோவில் அசலைக் கண்டுபிடிப்பது: நான் ஒதுக்கியதும் வாங்கியதும்

காருக்கு 185/65 R15 88H அளவில் டயர் தேடியபோது இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டுமே புதுசு என்றார்கள். முதல் டயரில் தேதி எண் 1225, அதாவது 2025-இன் 12-ஆவது வாரம். இரண்டாவதில் 3824. ஆறு மாதம் பழையது, விலையும் கொஞ்சம் கூடுதல். நான் வாங்கியது இரண்டாவதைத்தான்.

அளவு, 88 என்ற பாரக் குறியீடு, H என்ற வேகக் குறியீடு எல்லாம் இரண்டிலும் சரியாகவே இருந்தன. போலி செய்பவர்களும் இவற்றை ஒழுங்காகப் போடுவார்கள், அதனால் அதில் நேரம் செலவழிக்கவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் CM/L எண்ணை மட்டும் BIS Care செயலியில் போட்டு, உரிமம் அந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் சரியாகவே வந்தன. எண்ணை அப்படியே காப்பியடிக்க முடியும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

முடிவு செய்ய வைத்தது தேதி எண்ணைச் சுற்றியிருந்த ரப்பர். டயர் வார்க்கும் அச்சை நெடுநாள் பயன்படுத்துவார்கள், ஆனால் வாரம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தேதிக்கு மட்டும் சின்னத் தனித் தகடு ஒன்றை அச்சில் பொருத்தி, அதை மாற்றுவார்கள். அந்தத் தகட்டின் விளிம்பு, நான்கு இலக்கங்களைச் சுற்றி மெல்லிய கோடாக ரப்பரில் பதிந்துவிடும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் போட்டால் இந்தக் கோடும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது டயரில் அந்தக் கோடு முழுசாக இருந்தது. முதல் டயரில் எண் பளிச்சென்று தெரிந்தாலும் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர் வழவழவென்று இருந்தது. பக்கத்தில் ஓடிய நுண்ணிய வரிகள் அந்த இடத்துக்கு வந்ததும் அறுந்திருந்தன. "பாலிஷைத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து இன்னொரு படம் அனுப்புங்க அண்ணா" என்று கேட்டேன். நேர் ஃபிளாஷில் எடுத்த அதே மாதிரிப் படம்தான் திரும்ப வந்தது. நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. அப்புறம் நான் பேச்சை வளர்க்கவில்லை. இரண்டாமவரோ கேட்காமலேயே எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்து எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார்.

ஒரு பக்கம் தேதி இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. பல டயர்களில் DOT-இல் தொடங்கும் முழு வரிசை ஒரு பக்கம்தான் இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கம்தான் தேதி. மறுபக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதி எண்ணில் வாரத்தைக் குறிக்கும் முதல் இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் கார் டயரில் பார்த்தது. லாரி டயரில் எனக்குப் பழக்கம் குறைவு. கார் டயரிலும் படத்தை வைத்துத் தப்பானதை ஒதுக்கலாமே தவிர, நல்லது என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது டயர் கைக்கு வந்ததும் அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.